இரண்டாவது தலைமுறையின் படம்

பிளஸ் டூவில் உயிரியல் எடுத்தவர்களுக்கு அந்தப் படம் நினைவிருக்கும். வரிசையாகச் சில சோதனைக் குழாய்கள். ஒன்றில் கோடு கீழே, அடுத்ததில் நடுவே, அதற்கடுத்ததில் நடுவே ஒன்றும் மேலே ஒன்றும். கீழே ‘மெசல்சன், ஸ்டால் சோதனை, 1958’ என்று போட்டிருக்கும். ஐந்து மதிப்பெண் கேள்விக்காக மனப்பாடம் செய்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டியிருப்போம். உண்மையில் அந்தச் சோதனையில் அப்படி ஒரு குழாயே கிடையாது. இருந்தது ஒரு மில்லிலிட்டர்கூடப் பிடிக்காத சின்னஞ்சிறு கலம். அது சுழன்றுகொண்டிருக்கும்போதே குவார்ட்ஸ் சன்னல் வழியாகப் புற ஊதா ஒளியைப் பாய்ச்சி எடுத்த சாம்பல் நிறப் படங்கள்தான் சான்று. டி.என்.ஏ. புற ஊதா ஒளியை விழுங்கிவிடும். அதனால் அது திரண்டு நின்ற இடம் படத்தில் கறுத்த பட்டையாகத் தெரியும்.

கேள்வி இதுதான். 1953இல் வாட்சனும் கிரிக்கும் டி.என்.ஏ.வை முறுக்கிய இரண்டு இழைகளாகக் காட்டினார்கள். இழைகள் பிரிந்து, ஒவ்வொன்றும் தனக்கொரு புதுத் துணையைக் கட்டிக்கொள்ளும் என்பது அவர்களின் ஊகம். அப்படியானால் பிறக்கும் இரண்டு பிரதிகளிலும் பாதி பழையது, பாதி புதியது. ஆனால் பழைய ஜோடி அப்படியே இருக்க, பக்கத்தில் முழுக்கப் புதிய ஜோடி ஒன்று உருவாகலாம். அல்லது, இவ்வளவு நீள முறுக்கு எப்படிப் பிரியும் என்று கேட்ட மாக்ஸ் டெல்புரூக் 1954இல் சொன்னதுபோல, இழைகள் ஆங்காங்கே அறுந்து, பழைய துண்டும் புதிய துண்டும் மாறி மாறி ஒட்டியும் இருக்கலாம். இந்த மூன்றில் எது என்பதைக் காகிதத்தில் வாதாடித் தீர்க்க முடியாது. பழையதைப் புதியதிலிருந்து பிரித்துக் காட்ட ஓர் அடையாளம் வேண்டும்.

அமெரிக்காவின் கால்டெக் நிறுவனத்தில் இருந்த மாத்யூ மெசல்சனும் பிராங்ளின் ஸ்டாலும் தேர்ந்த அடையாளம் எடை. சாதாரண நைட்ரஜன் அணுவின் நிறை 14. அதிலேயே நிறை 15 உள்ள ஐசோடோப்பு ஒன்று உண்டு. அது கதிர்வீச்சு எதையும் வெளியிடுவதில்லை. பாக்டீரியா அதை வேறுபாடு பாராமல் தின்று டி.என்.ஏ. கட்டும். ஈ. கோலை பாக்டீரியாவுக்கு நைட்ரஜனுக்கான ஒரே வழியாக நைட்ரஜன்-15 கொண்ட அம்மோனியம் குளோரைடை மட்டும் கொடுத்து 14 தலைமுறை வளர்த்தார்கள். அதற்குள் அதன் டி.என்.ஏ. முழுக்கக் கனமாகிவிட்டது.

எவ்வளவு கனம்? கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் சோதனையின் அருமை புரியும். டி.என்.ஏ. ஏணியின் ஒரு படியில், அதாவது ஒரு கார ஜோடியில், சராசரியாக ஏழரை நைட்ரஜன் அணுக்கள். கனம் கூடுவது ஏழரை அலகு. சோதனையில் பயன்படும் சீசியம் உப்பின் அணுக்களும் ஒட்டிக்கொண்டிருக்கும் நிலையில் ஒரு படியின் மொத்த நிறை 880 அலகு போல. ஆக, வித்தியாசம் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. அடர்த்தியில் சொன்னால், சாதாரண டி.என்.ஏ. ஒரு கன சென்டிமீட்டருக்கு 1.710 கிராம், கனமானது 1.724. இந்த 0.014 கிராமை எந்தத் தராசில் நிறுப்பது?

நெல் விதைப்பவர்கள் செய்வதை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் உப்பைக் கரைத்துக்கொண்டே போய், போட்ட முட்டை மேலே வந்து மிதக்கும் பதத்தில் நிறுத்துவார்கள். அதில் விதைநெல்லைக் கொட்டினால் பதர் மிதக்கும், மணி பிடித்தது அமிழும். அங்கே கரைசலின் அடர்த்தி மேலிருந்து கீழ்வரை ஒன்றே. அதற்குப் பதிலாக, படிப்படியாக அடர்த்தி கூடும் கரைசல் இருந்தால் ஒவ்வொரு மணியும் தன் அடர்த்திக்குச் சமமான உயரத்தில் போய் நின்றுவிடும் அல்லவா? மெசல்சன், ஸ்டால், அவர்களுக்கு உதவிய ஜெரோம் வினோகிராட் மூவரும் செய்தது அதைத்தான். உப்பு மட்டும் சீசியம் குளோரைடு. மிகக் கனமானது, தண்ணீரில் தாராளமாகக் கரைவது. கரைசலை நிமிடத்துக்கு 44,770 சுற்று வேகத்தில் 20 மணி நேரம் சுழற்றினார்கள். அந்த வேகத்தில் சீசியம் அயனிகளே மெல்ல வெளிப்பக்கம் தள்ளப்படும், விரவல் அவற்றைத் திரும்ப இழுக்கும். இரண்டும் சமன்படும்போது, கலத்தின் உள்விளிம்பில் குறைந்து வெளிவிளிம்பில் கூடும் அடர்த்திச் சரிவு தானாக அமைந்துவிடுகிறது. டி.என்.ஏ. அதில் தன் இடத்தைத் தேடிப் பட்டையாக நிற்கிறது. கனமானதையும் சாதாரணமானதையும் கலந்து சுழற்றினால், இரண்டு பட்டைகள் தெளிவாக விலகி நின்றன.

இனிமேல்தான் சோதனை. கனமான பாக்டீரியா வளர்ந்துகொண்டிருக்கும் குடுவையில், திடீரென்று பத்து மடங்கு சாதாரண நைட்ரஜனைக் கொட்டினார்கள். அந்த நொடிமுதல் கட்டப்படுவதெல்லாம் லேசான டி.என்.ஏ. ஒரு தலைமுறைக்கு முக்கால் மணிக்குச் சற்று மேல் பிடித்தது. அவ்வப்போது கொஞ்சம் எடுத்து, குளிரவைத்து, சோப்பு போன்ற ஒரு ரசாயனத்தால் செல்லை உடைத்து, சீசியம் கரைசலில் கலந்து சுழற்றினார்கள்.

படங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். தொடக்கத்தில் ஒரே பட்டை, கனமான இடத்தில். 0.3 தலைமுறையில் கனமான பட்டை மெலிந்து, இன்னோர் இடத்தில் புதிதாக ஒன்று முளைத்திருக்கிறது. லேசான இடத்தில் ஒன்றுமே இல்லை. 1.0 தலைமுறையில் கனமான பட்டை கிட்டத்தட்ட மறைந்து, புதிய பட்டை மட்டும் நிற்கிறது. அது எங்கே நிற்கிறது என்பதை அளந்து பார்த்தார்கள். கனத்துக்கும் லேசுக்கும் இடையிலான தூரத்தில் 50 சதவீதம், பிழை 2 சதவீதம். சரிபாதி.

இந்த ஒரு படம் ஒரு கட்சியைத் தள்ளிவிட்டது. பழைய ஜோடி அப்படியே இருந்து, புது ஜோடி தனியாக உருவாகியிருந்தால், நடுவில் எதுவும் நிற்கக் கூடாது. கனத்தில் ஒன்றும் லேசில் ஒன்றும் என இரண்டு பட்டைகள் வந்திருக்க வேண்டும். ஆனால் டெல்புரூக் சொன்ன துண்டு ஒட்டல் இன்னும் தப்பித்து நிற்கிறது, ஏனென்றால் பழையதும் புதியதும் பொடிப்பொடியாகக் கலந்திருந்தாலும் சராசரி அடர்த்தி அதே நடுவில்தான் வரும். இந்த நடுப்பட்டையைக் காட்டி ‘நிரூபித்துவிட்டார்கள்’ என்று நிறுத்தும் வகுப்புகள் உண்டு. அது தவறு.

தீர்ப்பு சொன்னது அடுத்த தலைமுறையின் படம். துண்டு ஒட்டல் நடந்திருந்தால், பழைய பொருள் எல்லாப் பிரதிகளிலும் மேலும் பாதியாகப் பங்கிடப்பட்டு, ஒரே பட்டையாகக் கால்பங்கு தூரத்துக்கு நகர்ந்திருக்கும். தலைமுறைதோறும் அது லேசை நோக்கி ஊர்ந்துகொண்டே போகும். நடந்தது அதுவல்ல. 1.9 தலைமுறையில் நடுப்பட்டை நடுவிலேயே இருந்தது. லேசான இடத்தில் கிட்டத்தட்ட அதே அழுத்தத்தில் இன்னொன்று. கணக்கும் ஒத்துப்போகிறது. ஒரு மூலக்கூறு 1.9 தலைமுறையில் 3.7 ஆகப் பெருகும். தொடக்கத்தின் இரண்டு பழைய பாதிகள் இரண்டு பிரதிகளில் மட்டும் இருக்கும். 3.7இல் 2 என்றால் 54 சதவீதம் நடுவில், மீதி லேசில். மூன்றாம் தலைமுறையில் எட்டில் இரண்டு, அதாவது கால்பங்கு. நான்கைத் தாண்டியபோது நடுப்பட்டை மங்கித் தெரிந்தது, ஆனால் இடம் மாறவில்லை. பட்டை நகராமல் மெலிந்துகொண்டே போனதுதான் முழுச் சோதனையின் உயிர். பழைய பாதி உடையாமல் தலைமுறை தாண்டி வருகிறது, புதியவற்றின் கூட்டத்தில் அதன் பங்கு மட்டும் குறைகிறது.

இன்னொரு செய்தியும் அந்தப் படங்களில் இருக்கிறது, பாடப்புத்தகம் சொல்லாதது. குடுவையில் இருந்த பாக்டீரியாக்கள் ஒரே நேரத்தில் பிரிபவை அல்ல, ஒவ்வொன்றும் ஒவ்வொரு கட்டத்தில் இருப்பவை. அப்படியிருந்தும் கனமான பட்டை தீரும்வரை லேசான பட்டை தலைகாட்டவில்லை. அதாவது ஒவ்வொரு துண்டும் ஒருமுறை படியெடுக்கப்பட்டு முடியும் முன், எதுவும் இரண்டாம் முறை படியெடுக்கப்படவில்லை.

இதில் அதிர்ஷ்டத்தின் கையும் உண்டு. ஈ. கோலையின் முழு டி.என்.ஏ. சுமார் 46 லட்சம் படிகள் கொண்ட ஒரே நீள வளையம். சோதனையில் அது கையாளும்போதே அறுந்து, சுமார் பத்தாயிரம் படிகள் கொண்ட துண்டுகளாகிவிட்டது. அந்தத் துண்டையே முழு மூலக்கூறு என்று அப்போது எண்ணினார்கள். அறுந்ததும் நல்லதாயிற்று. அறுபடாமல் இருந்திருந்தால், பாதி வழி படியெடுக்கப்பட்ட வளையங்கள் விதவிதமான இடைப்பட்ட அடர்த்திகளில் நின்று, தெளிவான பட்டைக்குப் பதில் தீற்றலாகத் தெரிந்திருக்கும். சிறு துண்டு என்றால் படியெடுக்கப்பட்டிருக்கும், அல்லது இருக்காது.

சரி, அந்தப் பழைய பாதியும் புதிய பாதியும் வாட்சன், கிரிக் சொன்ன இழைகள்தானா? நடுப்பட்டை டி.என்.ஏ.வை 100 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கிப் பார்த்தார்கள். அது இரண்டு பட்டைகளாகப் பிரிந்தது. இங்கே ஒரு பொறி இருக்கிறது. சூடாக்கினாலே டி.என்.ஏ.வின் அடர்த்தி 0.016 கிராம் போலக் கூடிவிடும். சூடாக்கிய லேசான டி.என்.ஏ. சூடாக்காத கனமானதன் இடத்தில் போய் நிற்கும். பழைய அளவுகோலை வைத்துப் படித்தால் லேசைக் கனம் என்று சொல்லிவிடுவோம். அதனால் முழுக்கக் கனமானதையும் முழுக்க லேசானதையும் தனித்தனியாகச் சூடாக்கி, அவற்றின் இடத்தோடுதான் ஒப்பிட்டார்கள். பொருந்தியது. பட்டையின் அகலத்திலிருந்து கணித்த மூலக்கூறு எடையும் பாதியளவாகக் குறைந்திருந்தது.

இவ்வளவு இருந்தும் 1958ஆம் ஆண்டின் கட்டுரை தன் முடிவுகளில் ‘இழை’ என்று எழுதவில்லை. ‘துணை அலகு’ என்றே எழுதியது. இரண்டு பாதிகளும் பக்கவாட்டில் ஒட்டியிருக்கின்றனவா, ஒன்றின் முனையில் இன்னொன்று தொடர்கிறதா என்பதைப் பட்டைகள் சொல்லவில்லை என்பது அவர்களுக்குத் தெரியும். அதைத் தீர்க்க நடுப்பட்டை டி.என்.ஏ.வை ஒலியலையால் இன்னும் பொடியாக உடைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. முனைக்கு முனை என்றால், உடைக்க உடைக்கக் கனமும் லேசும் தனித்தனியாகப் பிரிந்துவிடும். 1962இல் ரோல்ஃப் அதைச் செய்தார். துண்டுகள் நடுப்பட்டையிலேயே நின்றன.