கோடு மடங்கும் இடமெல்லாம் கார்பன்

பக்கத்து வீட்டுப் பெண் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேதியியல் நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "மாமா, இதுக்குப் பேர் எழுதச் சொல்லியிருக்காங்க. ஆனா இதுல கார்பனே இல்லையே?" நோட்டில் இருந்தது ஏறி இறங்கும் ஒரு கோணல் கோடு. ஒரு பக்கம் கவட்டை மாதிரிப் பிரிந்திருந்தது, மறுமுனையில் OH என்று எழுதியிருந்தது. அவ்வளவுதான்.

அவள் கேட்டது நியாயம். கார்பன் சேர்மங்களில் C, H என்று எழுதிக்கொண்டே போனால் தாள் நிறைந்துவிடும் என்பதால், வேதியியல்காரர்கள் அந்த எழுத்துகளையே விட்டுவிட்டார்கள். கோடு மடங்கும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு கார்பன். எழுத்து எதுவும் இல்லாமல் கோடு முடிந்தால் அங்கேயும் ஒரு கார்பன். ஹைட்ரஜனைத் தேட வேண்டாம். கார்பனுக்கு நான்கு கைகள், படத்தில் தெரியும் கைகள் போக மிச்சமெல்லாம் ஹைட்ரஜனைப் பிடித்திருக்கின்றன என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

எண்ணுவதில் வழுக்கும் இடம் OH இருக்கும் முனை. எத்தனாலை வரைந்தால் இரண்டு கோடுகள்: ஒரு முனை, ஒரு மடிப்பு, பிறகு OH. முனை ஒன்று, மடிப்பு ஒன்று, OH ஒன்று, ஆக மூன்று கார்பன் என்று பலர் எழுதிவிடுவார்கள். OH நிற்கும் முனையில் இருப்பது ஆக்சிஜன். அதைக் கழித்தால் கார்பன் இரண்டுதான்.

எண்ணி முடித்தால் பெயரின் முதல் பாதி கிடைத்துவிடும். ஒரு கார்பன் என்றால் மீத்தேன், இரண்டு ஈத்தேன், மூன்று புரப்பேன், நான்கு பியூட்டேன். ஐந்திலிருந்து கிரேக்க எண்கள்: பென்டேன், ஹெக்சேன், ஹெப்டேன், ஆக்டேன். கார்பனும் ஹைட்ரஜனும் மட்டும் ஒற்றைப் பிணைப்பில் கோத்திருந்தால் அது ஆல்கேன்; பெயர் 'ஏன்' என்று முடியும். எங்காவது ஒரு OH ஒட்டியிருந்தால் அது ஆல்கஹால். பெயர் 'ஆல்' என்று முடியும். பொருளின் குணத்தைத் தீர்மானிக்கும் இந்த OH போன்ற ஒட்டுகளைத்தான் பாடப்புத்தகம் வினைசெயல் தொகுதி என்கிறது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கும் மேல் உயிரிழந்த விஷச்சாராயத்தில் கலந்திருந்தது மெத்தனால். எத்தனாலுக்கும் அதற்கும் படத்தில் உள்ள வித்தியாசம் ஒரே ஒரு கோடு.

இதுவரை நேர்ச் சங்கிலி. கிளை வந்தால்தான் வேலை தொடங்குகிறது. அதற்கு பெட்ரோல் பங்க் பக்கம் போகலாம். 91, 95 என்று சொல்லப்படும் ஆக்டேன் எண்ணுக்கு அளவுகோலாக இருப்பது ஐசோஆக்டேன் என்ற திரவம். அதற்கு 100 மதிப்பெண், நேர்ச் சங்கிலி ஹெப்டேனுக்கு 0. ஐசோஆக்டேனை எழுத்துகளோடு, ஹைட்ரஜனை விட்டுவிட்டு எழுதினால் இப்படி இருக்கும்:

```
    C       C
    |       |
C - C - C - C - C
    |
    C
```

எண்ணிப் பாருங்கள், எட்டு கார்பன். ஆனால் முறைப்படியான பெயரில் ஆக்டேன் வராது. கையை எடுக்காமல், போன வழியே திரும்பாமல், ஒரே இழுப்பில் போகக்கூடிய மிக நீளமான பாதை எதுவோ அதுதான் தாய்ச் சங்கிலி. இங்கே எப்படிப் போனாலும் ஐந்தைத் தாண்ட முடியாது. ஆகவே பென்டேன். தொங்கும் மூன்று ஒற்றைக் கார்பன்களும் மெத்தில் கிளைகள். மூன்று இருப்பதால் டிரைமெத்தில். அவை எந்தெந்தக் கார்பனில் தொங்குகின்றன? இடமிருந்து எண்ணினால் 2, 2, 4. வலமிருந்து எண்ணினால் 2, 4, 4. இரண்டு வரிசையையும் பக்கத்தில் வைத்து, முதன்முதலில் எங்கே வேறுபடுகிறதோ அங்கே சிறிய எண் உள்ளதை எடுக்க வேண்டும். பெயர் 2,2,4-டிரைமெத்தில்பென்டேன். ஒரே கார்பனில் இரண்டு கிளை இருந்தால் அந்த 2-ஐ இரண்டு தடவை எழுதியே ஆக வேண்டும்.

எண்களைக் கூட்டிப் பார்த்து, கூட்டுத்தொகை எது சிறியதோ அதை எடு என்று ஒரு குறுக்குவழி டியூஷன்களில் உலவுகிறது. மேலே உள்ள படத்துக்கு அது சரியாக வந்துவிடும். ஆனால் பத்துக் கார்பன் சங்கிலியில் ஒரு பக்கமிருந்து 2, 7, 8 என்றும் மறுபக்கமிருந்து 3, 4, 9 என்றும் வந்தால்? கூட்டுத்தொகை 17, 16. குறுக்குவழிக்காரர் இரண்டாவதை எடுப்பார், மதிப்பெண் போகும். முதல் எண்ணிலேயே 2 சிறியது என்பதால் 2,7,8-தான் சரி.

இவ்வளவு கறார் எதற்கு என்று தோன்றலாம். எட்டு கார்பனும் பதினெட்டு ஹைட்ரஜனும் கொண்ட ஆல்கேன்கள் மொத்தம் 18. வாய்பாடு எல்லாவற்றுக்கும் ஒன்றே, C₈H₁₈. ஐசோஆக்டேன் எஞ்சினில் தட்டாமல் எரிந்து 100 வாங்குகிறது. கிளையே இல்லாத நேர் ஆக்டேனின் மதிப்போ பூஜ்யத்துக்கும் கீழே. பெயரில் எண் இல்லாவிட்டால் எதைச் சொல்கிறோம் என்றே தெரியாது.

இனி அந்தப் பெண்ணின் நோட்டுக்கு வருவோம். கோடுகளுக்குக் கார்பன் போட்டதும் படம் இப்படி ஆனது:

```
C - C - C - C - OH
    |
    C
```

"அஞ்சு கார்பன். நீளமான சங்கிலி நாலு, அதனால பியூட்டேன். கிளை ரெண்டாவதுல இருக்கு. 2-மெத்தில்பியூட்டேன்-4-ஆல்!" என்றாள். எல்லாம் சரி, கடைசிப் படி மட்டும் தப்பு. ஆல்கேன் பழக்கத்தில், கிளைக்குச் சிறிய எண் வரட்டும் என்று இடது பக்கமிருந்து எண்ணிவிட்டாள். OH வந்துவிட்டால் அந்த உரிமை கிளைக்கு இல்லை. OH எந்தப் பக்கத்துக்கு அருகில் இருக்கிறதோ அங்கிருந்துதான் எண்ண வேண்டும். வலது பக்கமிருந்து போனால் OH முதல் கார்பனில், மெத்தில் மூன்றாவதில். பெயர் 3-மெத்தில்பியூட்டேன்-1-ஆல். கிளைக்கு 2 கிடைக்க வேண்டியது 3 ஆகிப்போனதைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை.

"இது என்ன மாமா, எங்கயாவது இருக்கா, சும்மா கணக்குக்குத்தானா?" என்றாள். இருக்கிறது. ஈஸ்ட் சர்க்கரையைப் புளிக்கவைக்கும்போது எத்தனாலோடு கொஞ்சமாக இதுவும் உண்டாகிறது. பழைய பெயர் ஐசோஅமைல் ஆல்கஹால். இதை வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலத்தோடு வினைபுரிய வைத்தால் கிடைக்கும் எஸ்டரில் வாழைப்பழ வாசம் அடிக்கும்.

OH இன்னொரு சலுகையையும் பறித்துக்கொள்கிறது. தாய்ச் சங்கிலி OH தாங்கிய கார்பன் வழியாகப் போக வேண்டும். அதைத் தொடாத இன்னொரு பாதை நீளமாக இருந்தாலும் அது செல்லாது. பிளாஸ்டிக்கை வளையச் செய்யும் சேர்மங்கள் தயாரிக்கப் பயன்படும் 2-எத்தில்ஹெக்சேன்-1-ஆல் இதற்கு உதாரணம். அதை வரைந்து பார்த்தால் ஏழு கார்பன் பாதை ஒன்று கண்ணில் படும். OH அதில் இல்லாததால் ஆறு கார்பன் பாதைக்கே பெயர் போகிறது.

கொரோனா காலத்தில் வாங்கிய சானிடைசர் பாட்டில் வீட்டில் எங்காவது கிடந்தால் லேபிளைப் பாருங்கள். ஐசோபுரப்பைல் ஆல்கஹால் என்றோ புரப்பேன்-2-ஆல் என்றோ போட்டிருக்கலாம், இரண்டும் ஒன்றுதான். மூன்று கார்பன், நடுவில் உள்ளதில் OH. ஒரு மடிப்பும் இரண்டு முனைகளும் போட்டு, மடிப்பிலிருந்து ஒரு கோடு இழுத்து OH எழுதினால் படம் முடிந்தது. அதே OH ஓரத்துக் கார்பனில் இருந்தால் அது புரப்பேன்-1-ஆல், வேறு திரவம். முதலாவது சுமார் 82 டிகிரி செல்சியஸில் கொதிக்கும், இரண்டாவது 97-ல்.