பதினெட்டாம் தேதி காலையில் மூன்று செய்திகள்

ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். மாதத்தின் 18ஆம் தேதி, விடிந்ததும் குழந்தைக்குக் காய்ச்சல். பத்தரைக்கு ஒரு ஹார்டுவேர் கடைக்காரர் பில்களோடு வருகிறார், மூன்று மணிக்கு மேனேஜரோடு ரிவ்யூ, சாயங்காலம் தோழியோடு தி.நகர். மூன்றையும் தள்ளிவைக்க வேண்டும். காரணம் ஒன்றுதான் என்றாலும் ஒரே செய்தியை மூவருக்கும் அனுப்பினால் சரிவராது.

தோழிக்கு, "ஏய், இன்னைக்கு வர முடியலடி, பாப்பாவுக்கு நெருப்பா கொதிக்குது. ஞாயித்துக்கிழமை போலாம்" என்பது போதும். இதையே "மன்னிக்கவும், இன்று வர இயலவில்லை" என்று எழுதினால், "என் மேல ஏதாவது கோவமா?" என்று உடனே போன் வரும். நெருக்கத்தில் மரியாதை கூடினால் விலகலாகத்தான் படும்.

மேனேஜரிடம் "ரிவ்யூவை நாளைக்கு வைங்க சார்" என்றால், 'ங்க' இருந்தும் அது உத்தரவுதான். "நாளைக்கு ஒன்பதரைக்கு வெச்சுக்கலாமா சார்?" என்று கேட்கும்போது முடிவு அவர் கையில் இருக்கிறது. குழந்தையின் காய்ச்சலை ஒரு வரியில் சொன்னால் போதும். எந்த வேலை முடிந்தது, எது நிற்கிறது, அதை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டும்.

கடைக்காரர் விஷயம்தான் நிதானம் கேட்பது. மாதாமாதம் ஜிஎஸ்டி கட்டுபவர் என்றால், போன மாதத்துக்கான 3பி படிவத்தை 20ஆம் தேதிக்குள் தாக்கல் செய்ய வேண்டும். தாமதித்தால் வரி பாக்கி உள்ளவருக்கு நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், பாக்கிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. அதனால் சந்திப்பு தள்ளிப்போகிறது என்றதுமே அவர் மனம் 20ஆம் தேதிக்கு ஓடிவிடும். "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க" என்பது, காசு கொடுப்பவர் தலையிலேயே சுமையை ஏற்றுகிற பேச்சு. "உங்களுக்கு எப்ப வசதியோ சொல்லுங்க" என்பதும் பணிவாகத் தோன்றினாலும், நேரம் பார்க்கும் வேலையை அவரிடமே தள்ளுகிறது.

இப்படிச் சொல்லிப் பார்க்கலாம்: "வணக்கம் சார். வீட்டில் ஒரு அவசரம், இன்று பத்தரைக்கு அலுவலகத்தில் இருக்க முடியவில்லை, மன்னிக்கணும். நாளை காலை பத்து, இல்லை மதியம் இரண்டு, எது சௌகரியம்? பில்களை இன்றே போட்டோ எடுத்து அனுப்பினால் பதிவை ஆரம்பித்துவிடுவேன். இருபதுக்குள் தாக்கல் முடிந்துவிடும்." குழந்தையின் காய்ச்சலை விவரித்தால், எரிச்சலைக்கூடக் காட்ட முடியாமல் அவரைக் கட்டிப்போட்டதுபோல ஆகும். மறைக்க வேண்டியதில்லை, அவர் கேட்டால் சொல்லலாம்.

அவர் "சரி" என்று ஒற்றைச் சொல்லில் நிறுத்திக்கொண்டால், வேலையாகவும் இருக்கலாம், மனத்தாங்கலாகவும் இருக்கலாம். எதுவென்று தெரிந்துகொள்ளப் போன் செய்வதே நல்லது. மறுநாளும் தள்ளவேண்டி வந்தால் செய்தி மட்டும் அனுப்பக் கூடாது. அலுவலகத்தில் இன்னொருவரைக் கடைக்கே அனுப்பி பில்களை வாங்கிவரச் சொல்லிவிட்டு, அதன்பிறகு அவரைக் கூப்பிட வேண்டும்.