தாத்தா வாங்கிய மனை, பேரன் கட்டும் வரி

1984இல் தாத்தா 12,000 ரூபாய் கொடுத்து ஊர் எல்லையில் 10 சென்ட் மனை வாங்கிப் போட்டார். அவருக்குப் பின் அது அப்பாவுக்கு வந்தது. அப்பா 2015இல் காலமானார். 2025 டிசம்பரில் அண்ணனும் தங்கையும் அதை 60 லட்சத்துக்கு விற்று, ஆளுக்கு 30 லட்சம் எடுத்துக்கொண்டார்கள். அண்ணன் உள்ளூரிலேயே இருக்கிறார், தங்கை சிங்கப்பூரில். இப்படி ஒரு குடும்பம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வருமான வரி எவ்வளவு?

சொத்து வாரிசுகளின் கைக்கு வந்தபோது வரி எதுவும் இல்லை. விற்கும்போதுதான் கணக்கு தொடங்குகிறது. இங்கே பலர் இரண்டு விதமாகத் தவறுகிறார்கள். “சும்மா வந்த சொத்துதானே” என்று அடக்கவிலையைப் பூஜ்யமாகப் போடுகிறார்கள் சிலர். அப்பா இறந்த 2015இல் மனை என்ன விலை போனதோ அதைப் போடுகிறார்கள் வேறு சிலர். இரண்டும் தவறு. கடைசியாகக் காசு கொடுத்து வாங்கியவர் யாரோ, அவர் கொடுத்த விலைதான் வாரிசின் அடக்கவிலை. இங்கே அது தாத்தாவின் 12,000.

நல்லவேளையாக, சட்டம் ஒரு சலுகை தருகிறது. 2001 ஏப்ரல் 1க்கு முன் வாங்கிய சொத்தாக இருந்தால், பழைய விலைக்குப் பதில் அந்தத் தேதியின் சந்தை மதிப்பை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அன்றைய வழிகாட்டி மதிப்பு கிடைக்கும் இடங்களில் அதைத் தாண்டக் கூடாது. அந்த மதிப்பைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் விசாரித்து, பதிவு பெற்ற மதிப்பீட்டாளரிடம் அறிக்கை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. நம் மனைக்கு அன்று சென்ட் 80,000 என்று கொள்வோம். மொத்தம் 8 லட்சம், ஆளுக்கு 4 லட்சம்.

இனி அண்ணனின் கணக்கு. 2024 ஜூலை 23 முதல் நீண்டகால லாபத்துக்கு வரி 12.5 சதவீதம், பணவீக்கச் சரிக்கட்டல் கிடையாது. அந்தத் தேதிக்கு முன் வந்த நிலம், வீடு ஆகியவற்றுக்கு மட்டும், இந்தியாவில் வசிக்கும் தனிநபர் பழைய முறையிலும் போட்டுப் பார்த்துக் குறைந்த வரியைக் கட்டலாம். புதிய முறையில் 30 லட்சத்தில் 4 லட்சம் போக லாபம் 26 லட்சம், வரி 3.25 லட்சம். பழைய முறையில் 4 லட்சத்தைப் பணவீக்கக் குறியீட்டால் உயர்த்த வேண்டும். 2001–02இல் 100 ஆக இருந்த குறியீடு 2025–26இல் 376. அடக்கவிலை 15.04 லட்சமாகிறது, லாபம் 14.96 லட்சம், 20 சதவீத வரி 2,99,200 ரூபாய். அண்ணனுக்குப் பழைய முறையே லாபம்.

எல்லா நிலத்துக்கும் இப்படி அமையாது. 2025–26இல் விற்றவர்களுக்குக் கணக்கு எளிது: விற்ற விலை 2001 மதிப்பைப்போல் சுமார் 8.4 மடங்குக்குள் இருந்தால் பழைய முறை, அதைத் தாண்டினால் 12.5 சதவீதம். இங்கே ஏழரை மடங்குதான். தங்கைக்கோ தேர்வே இல்லை. வெளிநாட்டில் வசிப்பதால் அவருக்கு 3.25 லட்சம்தான். இருவருக்கும் வரியின் மேல் 4 சதவீதம் செஸ் சேரும். தரகுக் கூலி, 2001க்குப் பிறகு கட்டிய சுற்றுச்சுவர் போன்ற செலவுகளுக்கு ரசீது இருந்தால் கழித்துக்கொள்ளலாம்.

பத்திரத்தில் விலையைக் குறைத்துக் காட்டினாலும் பயனில்லை. வழிகாட்டி மதிப்பு விற்ற விலையைவிட 10 சதவீதத்துக்கு மேல் கூடுதலாக இருந்தால் அதையே விற்ற விலையாக எடுத்துக்கொள்வார்கள்.

வரியைத் தவிர்க்கச் சட்டப்படி இரண்டு வழிகள் உண்டு. தங்கையின் 26 லட்ச லாபத்தை ஆறு மாதத்துக்குள் 54இசி பத்திரங்களில் போட்டால் வரி இல்லை. உச்சவரம்பு 50 லட்சம், ஐந்தாண்டு எடுக்க முடியாது, வட்டிக்கு வரி உண்டு. மற்றது 54எஃப். இந்தியாவில் இரண்டு ஆண்டுக்குள் வீடு வாங்க வேண்டும், அல்லது மூன்று ஆண்டுக்குள் கட்ட வேண்டும். இதில் லாபத்தை மட்டும் போட்டால் போதாது, விற்ற தொகை முழுவதையும் போட வேண்டும். 15 லட்சம் மட்டும் போட்டால் லாபத்தில் பாதிக்குத்தான் விலக்கு. விற்கும் நாளில் ஒன்றுக்கு மேற்பட்ட வீடு சொந்தமாக இருந்தால் இந்த வழி அடைபட்டுவிடும்.

மனையாக இல்லாமல் கிராமத்து விவசாய நிலமாக இருந்திருந்தால் இத்தனை கணக்கே வேண்டாம், அதற்கு இந்த வரி இல்லை. நகராட்சி எல்லையிலிருந்து நேர்கோட்டில் எவ்வளவு தூரம் என்பதே கேள்வி. நகரத்தின் மக்கள்தொகை பத்தாயிரத்துக்கு மேல் ஒரு லட்சம் வரை என்றால் 2 கிலோமீட்டர், பத்து லட்சம் வரை 6, அதற்கு மேல் 8. நிலம் அந்தத் தூரத்தைத் தாண்டியிருக்க வேண்டும்.

பத்திரப் பதிவின்போது தங்கைக்கு இன்னொரு சிக்கல் காத்திருக்கிறது. அண்ணனுக்குத் தரும் பணத்தில் வாங்குபவர் 1 சதவீதமே பிடிப்பார். தங்கையின் பங்கில் 12.5 சதவீதமும் செஸ்ஸும், வழக்கமாக முழு 30 லட்சத்தின் மீதே பிடிப்பார்கள். அதாவது வரியைவிடக் கூடுதல் தொகை. முன்கூட்டியே வருமான வரித் துறையிடம் குறைந்த பிடித்தத்துக்கான சான்றிதழ் வாங்கினால் இதைத் தவிர்க்கலாம். இல்லையென்றால் கணக்குத் தாக்கல் செய்துதான் மீதியைத் திரும்பப் பெற வேண்டும்.