ஐந்தரை மணி நேரம் முந்திய சர்வர்

சென்னையில் ஒரு சிறு ஏற்றுமதி நிறுவனம் சொந்தமாக அஞ்சல் சர்வர் வைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சர்வர் என்றால் தனிப் பெட்டி அல்ல, ஒரு பெரிய கணினிக்குள் ஓடும் மெய்நிகர் லினக்ஸ் கணினி. அதிலிருந்து போகும் அஞ்சல் பலருக்கு ஒழுங்காகச் சேர்கிறது, சிலருக்கு மட்டும் ஸ்பேமில் விழுகிறது. சர்வரைப் பார்த்துக்கொள்பவர் சாவியைச் சோதிக்கிறார், டிஎன்எஸ் பதிவைச் சோதிக்கிறார், எல்லாம் சரியாக இருக்கிறது. கடிகாரத்தைப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. பலருக்கும் அது கடைசியில்தான் தோன்றும்.

அனுப்பும் ஒவ்வொரு அஞ்சலிலும் சர்வர் ஒரு மின்கையொப்பம் இடுகிறது. இந்த முறைக்கு டிகிம் என்று பெயர். கையொப்பமிடும் ரகசியச் சாவி சர்வரிடம் இருக்கும், சரிபார்க்கும் பொதுச் சாவி டிஎன்எஸ்ஸில் எல்லாருக்கும் கிடைக்கும். கையொப்ப வரியில் `t=` என்று ஒரு எண் வரும். 1970 ஜனவரி 1, யூடிசி நள்ளிரவிலிருந்து கையொப்பமிட்ட கணம் வரை எத்தனை நொடி கழிந்தது என்பதே அது. சில சர்வர்கள் `x=` என்று இன்னொரு எண்ணையும் சேர்க்கும். அந்த நொடிக்குப் பிறகு கையொப்பம் செல்லாது என்று அதற்குப் பொருள். ஜிமெயில் இடும் கையொப்பங்களில் இந்த இரண்டுக்கும் இடைவெளி 604800 நொடி, அதாவது சரியாக ஏழு நாள். முறையான கையொப்பமுள்ள ஒரே அஞ்சலைப் பிடித்து வைத்துக்கொண்டு லட்சம் பேருக்குத் திரும்பத் திரும்ப அனுப்பும் மோசடிக்கு இந்தக் கெடு ஓரளவு கடிவாளம் போடுகிறது.

`t=` எண்ணை எழுதுவது அனுப்புபவரின் கடிகாரம், அதை எடைபோடுவது பெறுபவரின் கடிகாரம். நடுவில் நின்று எது சரி என்று சொல்ல ஆள் இல்லை. எதிர்கால நேரம் குறித்த கையொப்பத்தைப் பெறும் சர்வர் புறக்கணிக்கலாம் என்கிறது 2011-இல் வந்த டிகிம் வரையறையான ஆர்எஃப்சி 6376. ‘புறக்கணிக்க வேண்டும்’ என்று அது கட்டாயப்படுத்தவில்லை. அதனால் சிலர் கண்டுகொள்வதில்லை, சிலர் பிடிவாதமாக நிராகரிக்கிறார்கள். பரவலாகப் புழங்கும் ஓப்பன் டிகிம் மென்பொருள் இயல்பாக 300 நொடி வரை பொறுத்துக்கொள்ளும். அதற்கு மேல் முந்தியிருந்தால், பின்தேதியிட்ட காசோலையை வங்கி திருப்புவது போலத்தான்.

நம் நிறுவனத்தின் கணக்கைப் பார்ப்போம். 2025 ஜனவரி 20, திங்கள், இந்திய நேரம் காலை 11:00. அந்தக் கணத்துக்கு உரிய எண் 1737351000. ஆனால் அப்போது போன அஞ்சலில் `t=1737370800` என்று இருக்கிறது. கழித்தால் 19800 நொடி, அதாவது ஐந்தரை மணி நேரம். இந்த எண்ணைக் கண்டதும் இந்தியாவில் சர்வர் பார்ப்பவருக்குப் பொறி தட்ட வேண்டும். நம் நேரத்துக்கும் யூடிசிக்கும் உள்ள இடைவெளி அதுதான்.

இது எப்படி நேர்ந்தது? கணினி அணைந்திருக்கும்போதும் ஓடும் ஒரு வன்பொருள் கடிகாரம் உண்டு. லினக்ஸ் கிளம்பும்போது அதைப் படித்து, அது யூடிசியில் இருப்பதாகவே எடுத்துக்கொள்ளும். விண்டோஸ் அதை உள்ளூர் நேரம் என்று கொள்ளும். மெய்நிகர் கணினிக்கு இந்தக் கடிகாரத்தைத் தருவது அதைத் தாங்கும் பெரிய கணினி. விண்டோஸுக்காகச் செய்து வைத்த வார்ப்பிலிருந்து யாரோ இந்த லினக்ஸ் கணினியை உருவாக்கியிருக்கிறார்கள். அதனால் அமைப்புக் கோப்பில் `<clock offset='localtime'/>` என்ற வரி அப்படியே தங்கிவிட்டது. காலை 11:00 என்று கடிகாரம் சொன்னதை லினக்ஸ் யூடிசி 11:00 என்று எடுத்துக்கொண்டு, இந்திய நேரத்தை மாலை 4:30 என்று காட்டியது.

இதைக் கண்டவர் செய்த கைங்கரியம்தான் நோயை மறைத்தது. சர்வரின் நேர மண்டலத்தை யூடிசிக்கு மாற்றிவிட்டார். திரையில் 11:00 வந்தது, சுவர்க் கடிகாரத்தோடு பொருந்தியது, திருப்தியாகப் போய்விட்டார். நேர மண்டலம் என்பது காட்டும் விதம் மட்டுமே. உள்ளே ஓடும் நொடிக் கணக்கு மாறவில்லை, கையொப்பத்தில் ஏறுவதும் அந்தக் கணக்குதான்.

சிலருக்கு மட்டும் அஞ்சல் தவறியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அனுப்பும் ஐபி முகவரியைச் சரிபார்க்கும் எஸ்பிஎஃப் என்ற தனி முறை இருக்கிறது. டிகிம் தோற்றாலும் எஸ்பிஎஃப் தேறினால் நேரடி அஞ்சல் பெரும்பாலும் தப்பிவிடும். பெறுபவர் தன் அஞ்சலை வேறு முகவரிக்குத் திருப்பிவிட்டிருந்தால் ஐபி மாறிவிடும், எஸ்பிஎஃப் அங்கே உதவாது. டிகிம் ஒன்றே துணை, அதுவும் கைவிடும்.

துப்பறிபவரை ஏமாற்றும் விஷயம் ஒன்று இருக்கிறது. ஸ்பேமில் விழுந்த அஞ்சலை மறுநாள் காலை எடுத்து டிகிம் சோதனைக் கருவியில் போட்டால் கையொப்பம் தேறிவிடும். ஐந்தரை மணி நேரம் கழிந்துவிட்டதால் `t=` இப்போது எதிர்காலத்தில் இல்லை. ஆகவே கருவியை நம்பாமல், பெற்ற சர்வர் எழுதிய `Received` வரியின் நேரத்தையும் `t=` எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். எண்ணை நேரமாக மாற்ற ஒரு வரி போதும்:

```
date -u -d @1737370800
```

சான்றிதழ்களிலும் இதே கதைதான். ஒரு தளத்தின் டிஎல்எஸ் சான்றிதழில் எப்போதிலிருந்து செல்லும், எப்போது வரை செல்லும் என்று இரண்டு நேரங்கள் இருக்கும். இதில் பலர் தடுமாறுவது, யாருடைய கடிகாரம் கணக்கில் வருகிறது என்பதில். சான்றிதழைக் காட்டும் சர்வரின் கடிகாரம் கன்னாபின்னாவென்று இருந்தாலும், பார்க்கும் கைபேசியின் கடிகாரம் சரியாக இருந்தால் பூட்டுக் குறி ஒழுங்காக வரும். நம் சர்வரே வேறொரு சர்வரை அழைத்து அதன் சான்றிதழைச் சரிபார்க்கும்போதுதான் நம் கடிகாரம் காலை வாருகிறது.

கடிகாரம் முந்துவதைவிடப் பிந்துவது இங்கே மோசம். வன்பொருள் கடிகாரம் யூடிசியில் இருக்க, லினக்ஸ் அதை இந்திய நேரம் என்று படித்தால் ஐந்தரை மணி நேரம் பின்தங்கும். எதிர்த்தரப்பு சர்வர் காலை 10:00 மணிக்குப் புதிய சான்றிதழ் வாங்குகிறது. லெட்ஸ் என்கிரிப்ட் போன்ற நிறுவனம் இத்தகைய கடிகாரக் குறைகளுக்காகவே தொடக்க நேரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளி, 9:00 என்று எழுதித் தருகிறது. நம் சர்வரில் அப்போது மணி விடியற்காலை 4:30. ‘இன்னும் செல்லுபடியாகவில்லை’ என்று இணைப்பை மறுத்துவிடும். பிற்பகல் 2:30-க்கு நம் கடிகாரம் 9:00-ஐத் தொடும், பிழை தானாக மறையும். ‘மதியம் வரை ஏதோ கோளாறு, பிறகு சரியாகிவிட்டது’ என்று குறிப்பெழுதி எல்லாரும் மறந்துவிடுவார்கள். டெபியன், உபுண்டு கணினிகளில் `apt update` செய்யும்போது `is not valid yet` என்று வந்தால் அதுவும் பிந்திய கடிகாரத்தின் அடையாளமே.

முன்பு ஆண்டுக்கொரு முறை மாறிய சான்றிதழ்களில் இந்த மோதல் அபூர்வம். உலாவி நிறுவனங்களும் சான்றிதழ் நிறுவனங்களும் 2025-இல் ஏற்ற முடிவின்படி, 2029 மார்ச் 15 முதல் பொதுச் சான்றிதழின் ஆயுள் அதிகபட்சம் 47 நாள். புதிதாகப் பிறந்த சான்றிதழை எதிர்கொள்ளும் வாய்ப்பு அதற்கேற்பக் கூடும்.

மருந்து, க்ரோனி என்ற சிறிய மென்பொருள். ரிச்சர்ட் கர்னோ எழுதத் தொடங்கியது, இப்போது மிரோஸ்லாவ் லிச்வார் பராமரிக்கிறார். டேவிட் மில்ஸ் 1980-களில் வகுத்த என்டிபி முறைப்படி, பிணையத்தில் உள்ள நேர சர்வர்களிடம் மணி கேட்டு நம் கடிகாரத்தைத் திருத்தும். கேள்வி போய்ப் பதில் வரும் பயண நேரத்தையும் அளந்து கழித்துக்கொள்ளும். கடிகாரப் படிகம் சாதாரணமாக நாளொன்றுக்கு ஓரிரு நொடி விலகும். அந்த விலகலின் வேகத்தைக் கற்று எழுதிவைத்துக்கொள்வது க்ரோனியின் தனிக் கெட்டிக்காரத்தனம். பிணையம் அறுந்த நேரத்திலும் கற்றதை வைத்து ஓரளவு சமாளிக்கும்.

இந்தியாவில் யாரிடம் மணி கேட்பது என்பதற்குச் சட்டமும் வழிகாட்டுகிறது. செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-இல் இட்ட ஆணை, தேசிய தகவல் மையம் அல்லது டெல்லியின் தேசிய இயற்பியல் ஆய்வகம் நடத்தும் நேர சர்வர்களோடு, அல்லது அவற்றிலிருந்து நேரம் பெறும் சர்வர்களோடு, கடிகாரங்களை இணைக்கச் சொல்கிறது. அமைப்புக் கோப்பு இவ்வளவுதான்:

```
server samay1.nic.in iburst
server samay2.nic.in iburst
server time.nplindia.org iburst
driftfile /var/lib/chrony/drift
makestep 1.0 3
rtcsync
```

மூன்று இருந்தால் ஒன்று பிசகினாலும் மற்ற இரண்டும் அதைக் காட்டிக்கொடுக்கும். பிறகு `chronyc sources` தட்டிப் பார்க்க வேண்டும். வரியின் முன்னால் `^*` இருந்தால் அந்த சர்வரைத்தான் பின்பற்றுகிறது. `^?` என்றால் பதிலே வரவில்லை, `^x` என்றால் மற்றவர்களோடு முரண்படுகிறது. `Reach` பத்தியில் 377 வந்தால் கடைசி எட்டுக் கேள்விகளுக்கும் பதில் கிடைத்திருக்கிறது. எல்லா வரியிலும் 0 என்றால் பெரும்பாலும் ஃபயர்வால் யூடிபி 123-ஐ அடைத்திருக்கிறது. நம் நிறுவனத்தில் நடந்ததும் அதுவே. க்ரோனி மாதக்கணக்கில் ஓடிக்கொண்டுதான் இருந்தது, வெளியே யாரோடும் பேசாமல்.

`makestep 1.0 3` வரியைப் புரிந்துகொள்ளாவிட்டால் கதவு திறந்த பிறகும் தொல்லை வரும். பிழை ஒரு நொடிக்கு மேல் இருந்தால் கடிகாரத்தை ஒரே தாவலில் மாற்று, ஆனால் முதல் மூன்று திருத்தங்களுக்குள் மட்டும் என்று அது சொல்கிறது. அதற்குப் பிறகு க்ரோனி தாவாது, கடிகாரத்தின் வேகத்தை மாற்றி மெல்ல இழுக்கும். லினக்ஸில் இயல்பான உச்ச வேகம் பன்னிரண்டில் ஒரு பங்கு. ஆகவே ஒரு மணி நேரப் பிழை தீர 12 மணி நேரம், ஐந்தரை மணி நேரப் பிழை தீர 66 மணி நேரம் ஆகும். மெய்நிகர் கணினியை உறையவைத்து மீண்டும் எழுப்பும்போது இந்த நிலை வரும். க்ரோனி நலமாக இருப்பதாகத் தெரியும், கிட்டத்தட்ட மூன்று நாள் கையொப்பங்கள் பிழையாகப் போகும்.

அப்போது கையால் தாவவைக்க வேண்டும். ஆனால் ஓடும் அஞ்சல் சர்வரின் கடிகாரத்தைத் திடீரென்று பின்னோக்கி இழுப்பது நல்லதல்ல. டவ்காட் அஞ்சல் மென்பொருளின் பழைய பதிப்புகள் நேரம் பின்னால் போனதைக் கண்டால் தம்மைத் தாமே நிறுத்திக்கொள்ளும். அஞ்சல் சேவைகளை நிறுத்திவிட்டுச் செய்வதே முறை:

```
systemctl stop postfix dovecot opendkim
chronyc makestep
chronyc tracking
systemctl start opendkim dovecot postfix
```

`tracking` காட்டும் `System time` ஒரு நொடியின் சிறு பின்னமாகவும் `Leap status` என்பது `Normal` ஆகவும் இருந்த பிறகே கடைசி வரியைத் தட்ட வேண்டும். பெரிய கணினியின் அமைப்பில் `localtime` என்பதை `utc` ஆக்காவிட்டால் அடுத்த முறை அணைத்து ஏற்றும்போது பழைய ஐந்தரை மணி நேரம் திரும்பி வரும். க்ரோனி சில நொடிகளில் அதைத் திருத்திவிடும்தான். ஆனால் வரிசையில் காத்திருந்த அஞ்சல்கள் அதற்குள் கையொப்பம் பெற்றுக் கிளம்பியிருக்கலாம். அதைத் தடுக்க, கையொப்பமிடும் சேவை தொடங்குமுன் `chronyc waitsync 60 0.1` என்ற வரியை ஓடவிடலாம். கடிகாரம் பத்தில் ஒரு நொடிக்குள் வரும்வரை அது சேவையை நிறுத்திவைக்கும். அறுபது முறை பார்த்தும் சேரவில்லை என்றால் பிழையோடு முடியும், நிர்வாகிக்கு அப்போதாவது கடிகாரத்தின் நினைவு வரும்.