ஐம்பது இடமும் ஒரு பட்டமும்

தென்கொரியாவில் லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் கேமுக்கு நடக்கும் முதன்மைத் தொடரின் பெயர் எல்.சி.கே. மொத்தம் 10 அணிகள், களத்தில் அணிக்கு 5 பேர். ஆக, 50 இடங்கள். இதை ஆடும் இளைஞர்களோ லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். கொரிய சர்வரின் தரவரிசையில் உச்சிப் படியான ‘சேலஞ்சர்’ 300 கணக்குகளுக்கு மட்டுமே. ஒரு பையன் அந்த உச்சிக்கே ஏறிவிட்டாலும் அணியில் இடம் காத்திருக்காது. அந்த 50 இடங்களிலும் ஏற்கெனவே ஆள் இருக்கிறார்கள். ஓர் ஆண்டில் காலியாவது சிலவே.

உள்ளே போனவர்களின் நாள் எப்படி இருக்கும்? தொழில்முறை வீரர்கள் பெரும்பாலும் காலை பத்து, பதினொன்றுக்குத்தான் எழுகிறார்கள். மதியம் ஒரு மணிவாக்கில் இன்னொரு அணியோடு பயிற்சி ஆட்டம் தொடங்கும். இதை ‘ஸ்கிரிம்’ என்பார்கள். மூன்று ஆட்டம், சாப்பாடு, மறுபடி மூன்று ஆட்டம். அதன்பிறகு நள்ளிரவு தாண்டும்வரை ஒவ்வொருவரும் தரவரிசை ஆட்டங்களைத் தனியாக ஆடுவார்கள்.

ஆட்டங்களுக்கு நடுவே நடக்கும் அலசலைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். இந்த கேமில் ஒரு ட்ராகனை வீழ்த்தினால் அடுத்தது தோன்ற 5 நிமிடம் ஆகும். அது தோன்றுவதற்கு முந்தைய ஒரு நிமிடத்தைப் பயிற்சியாளர் திரையில் நிறுத்தி நிறுத்திக் காட்டுவார். “அந்த நேரத்தில் நீ ஏன் கடைக்குத் திரும்பினாய்? அந்தப் புதருக்குள் வெளிச்சம் வைத்தது யார்? அதை ஏன் வாய்விட்டுச் சொல்லவில்லை?” என்று கேள்விகள் வரும். கைவேகம் எல்லோரிடமும் இருக்கிறது. இந்தக் கேள்விகளைத் தினமும் முகம் சுளிக்காமல் கேட்டு, மறுநாள் திருத்திக்கொள்பவர்தான் அணியில் நிலைக்கிறார். வீட்டில் பத்து மணிநேரம் ஆடும் பையனுக்கு இந்தப் பயிற்சி கிடைப்பதே இல்லை.

உடம்பும் விலை கொடுக்கிறது. உலகின் தலைசிறந்த வீரராகக் கருதப்படும் ‘ஃபேக்கர்’ 2023-ல் மணிக்கட்டு வலியால் சில வாரங்கள் ஒதுங்கினார். அந்த நாட்களில் அவருடைய டி1 அணி தோல்விமேல் தோல்வி கண்டது. சீனாவின் ‘உசி’ 2020-ல் நீரிழிவு, கை பாதிப்பு ஆகியவற்றால் ஓய்வை அறிவித்தபோது அவருக்கு வயது 23.

இந்தக் குறுகிய கதவுக்குப் பக்கத்தில் இன்னொரு கதவும் இருக்கிறது. சிகாகோவின் ராபர்ட் மாரிஸ் பல்கலைக்கழகம் 2014-ல் லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் வீரர்களுக்கு உதவித்தொகை அறிவித்தது. கல்விக் கட்டணத்திலும் தங்கும் செலவிலும் பாதிவரை தருவதாகச் சொன்னது. பிறகு பல அமெரிக்கக் கல்லூரிகள் அந்த வழியில் வந்தன. அங்கே பயிற்சியாளர் முதலில் தரவரிசையைப் பார்க்கிறார். பிறகு சில ஆட்டங்களில் சேர்த்து ஆடவைத்து, தோற்கும்போது பையன் எப்படிப் பேசுகிறான் என்று கவனிக்கிறார். மதிப்பெண் சான்றிதழும் கேட்கிறார். தேர்வானபின் முழுநேர மாணவனாக இருக்க வேண்டும், மதிப்பெண் குறையக் கூடாது என்பதே வழக்கமான நிபந்தனை.

முழுச் செலவையும் ஏற்கும் கல்லூரிகள் வெகு சில. உதாரணத்துக்கு ஒரு கல்லூரியின் ஆண்டுச் செலவு 40,000 டாலர், உதவித்தொகை 8,000 என்று வைத்துக்கொள்வோம். மீதி 32,000 டாலரை, நான்கு ஆண்டுகளுக்கு 1,28,000 டாலரை, குடும்பம்தான் கட்ட வேண்டும். வெளிநாட்டிலிருந்து போகும் மாணவருக்கு விசா விதிகளும் உண்டு. படிப்போடு சேர்த்து வெளியில் சம்பளத்துக்கு ஆடலாம் என்று நம்பிப் போகக் கூடாது.

சியோலில் ஜென்.ஜி அணி 2019-ல் தொடங்கிய அகாடமி இந்த இரண்டு கதவுகளையும் சேர்த்தே பார்த்தது. மாணவர்கள் ஒரு பாதி நாள் அமெரிக்கப் பாடத்திட்டத்தைப் படிப்பார்கள், மறுபாதி கேம் பயிற்சி எடுப்பார்கள். எல்.சி.கே-யில் இடம் கிடைக்காதவனும் அமெரிக்கக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கலாம். நான் பார்த்தவரையில் இதுவே நேர்மையான ஏற்பாடு. வீரனாகாத பெரும்பான்மைக்கும் இது கையில் ஒரு பட்டத்துக்கு வழி வைக்கிறது.

ஒரு ஆபத்து மீதமிருக்கிறது. கிரிக்கெட்டுக்கு உரிமையாளர் கிடையாது, கேமுக்கு உண்டு. 2018-ல் பெரும் முதலீட்டோடு தொடங்கிய ஓவர்வாட்ச் லீக் 2023-ம் ஆண்டோடு முடிந்துபோனது. அந்த ஒரே கேமில் பல ஆண்டுகள் பழகிய கைகளுக்கு அப்படியொரு மேடை இல்லாமல் போனது. ஆகவே கல்லூரியிலிருந்து உதவித்தொகைக் கடிதம் வந்தால் கையெழுத்துக்கு முன் மூன்றைக் கேளுங்கள்: தொகை ஒரு வருடத்துக்கா, நான்கு வருடத்துக்கா? கை வலியால் ஆட முடியாவிட்டால் தொடருமா? கல்லூரி அந்த கேம் அணியையே கலைத்துவிட்டால், படிப்பு முடியும்வரை பணம் வருமா? பதிலை எழுத்தில் வாங்குங்கள்.