உங்களுக்குத் தெரியுமா? ரோமிங்கில் சாவி வீட்டை விட்டு வெளியே போவதே இல்லை

வெளிநாட்டில் உங்கள் கைபேசியை ஏற்கும் நிறுவனத்துக்கு, உங்கள் சிம்மில் உள்ள 128 பிட் ரகசியச் சாவி தெரியாது. அது உங்கள் தாய் நிறுவனத்திடம் கேட்கும். அங்கிருந்து ஒரு சீரற்ற எண்ணும், அதற்கு சிம் சொல்ல வேண்டிய விடையும், உரையாடலை மறையாக்கும் சாவிகளும் வரும். சிம் தானே கணக்கிட்டுத் தரும் விடை பொருந்தினால் இணைப்பு கிடைக்கும்.

இதுவரை சரி. சிக்கல் அடுத்த படியில். 2ஜி, 3ஜி ரோமிங்குக்கான எஸ்எஸ்7 வலையில், "இந்தச் சந்தாதாரர் இப்போது என்னிடம் இருக்கிறார்" என்று ஒரு செய்தி வந்தால், தாய் நிறுவனத்தின் பதிவேடு அதை நம்பிக் குறித்துக்கொள்ளும். சிம் உண்மையில் விடை சொன்னதா என்று அது கேட்பதில்லை. 2017 ஜனவரியில் ஜெர்மனியில் திருடர்கள் இந்த ஓட்டையைத்தான் பயன்படுத்தினார்கள். வங்கிக் கடவுச்சொற்களை முன்பே திருடிவிட்டு, ஒரு வெளிநாட்டு நிறுவனத்தின் வலை வழியாகப் பொய் இருப்பிடம் பதிந்தார்கள். வாடிக்கையாளருக்குப் போக வேண்டிய ஒருமுறைக் குறியீட்டு எஸ்எம்எஸ் அவர்களிடம் போனது. சிம்மைத் தொடவே இல்லை!

பிடிக்க ஒரு வழி உண்டு: சற்றுமுன் மியூனிக்கில் இருந்தவர் பத்தே நிமிடத்தில் வேறொரு கண்டத்தில் பதிவானால், சிக்னலிங் ஃபயர்வால் அந்தச் செய்தியை நிறுத்தலாம். அண்டை நாட்டிலிருந்து வரும் பொய்யை இப்படிப் பிடிப்பது கடினம். 5ஜியில் சிம்மின் விடை தாய் நிறுவனத்துக்கே போகிறது. அங்கே சரிபார்த்த பிறகே பதிவை ஏற்கும்படி அமைக்கலாம்.