கோடு நேராக இருந்தால் போதுமா?

ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைக் குடத்தில் பிடித்து வைத்தால், பிடிக்கும்போது தெளிவாக இருந்தது சில மணி நேரத்தில் பழுப்பேறிவிடுவதைப் பல ஊர்களில் பார்க்கலாம். நிலத்தடியில் காற்றுப் படாமல் கரைந்து கிடந்த இரும்பு, மேலே வந்து ஆக்சிஜனோடு சேர்ந்ததும் துருவாகிப் படிகிறது. லிட்டருக்கு 0.3 மில்லிகிராமைத் தாண்டினாலே துவைக்கும் துணியில் கறை விழும். இந்தத் தண்ணீரை ஆய்வகத்தில் சோதித்தால், 'இரும்பு: லிட்டருக்கு 4.3 மி.கி.' என்பதுபோல ஓர் எண் அறிக்கையில் வரும். விரிவான அறிக்கையாக இருந்தால் கூடவே ஒரு வரைபடமும் இருக்கும். அதில் சாய்ந்தேறும் ஒரு நேர்கோடு, அதையொட்டி ஐந்து புள்ளிகள், மூலையில் R² = 0.9999.

அந்த 4.3ஐ நம்பலாமா என்பதை இந்தப் படத்திலிருந்தே பெருமளவு தெரிந்துகொள்ளலாம். ஆனால் பலரும் முதலில் தேடும் R² அதைச் சொல்வதில்லை.

நிறத்திலிருந்து எண்

தண்ணீரில் கரைந்த இரும்புக்குக் கண்ணில் படும் அளவுக்கு நிறம் கிடையாது. அதனால் முதலில் நிறம் ஏற்ற வேண்டும். மாதிரியை அமிலம் சேர்த்துச் சூடாக்கி, துருவாகிப்போன இரும்பையும் கரைத்துக்கொள்கிறார்கள். பிறகு ஹைட்ராக்சிலமீன் சேர்த்து எல்லா இரும்பையும் ஃபெரஸ் நிலைக்குக் கொண்டுவருகிறார்கள். அடுத்து அமிலத்தன்மையை நிலைநிறுத்த அசிடேட் பஃபர், கடைசியாக ஃபினாந்த்ரோலின். சில நிமிடங்களில் கரைசல் ஆரஞ்சு கலந்த சிவப்பாகிறது. இரும்பு கூடக்கூட நிறமும் அடர்த்தியாகும்.

இந்தச் சிவப்புக் கரைசல் 510 நானோமீட்டர் அலைநீளமுள்ள பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் அந்த ஒளியை 1 செ.மீ. அகலக் குவெட் வழியே செலுத்தி, எவ்வளவு மறுபக்கம் வந்தது என்று பார்த்து, 'அப்சார்பன்ஸ்' என்ற அளவாகக் காட்டும். அப்சார்பன்ஸ் 0.3 என்றால் ஏறத்தாழ பாதி ஒளி கடந்துவிட்டது. 1 என்றால் பத்தில் ஒரு பங்கு, 2 என்றால் நூறில் ஒரு பங்குதான் கடந்தது. கரைசலின் செறிவு இரட்டிப்பானால் இந்த அளவும் இரட்டிப்பாகும் என்பது பீர்–லாம்பர்ட் விதி.

கருவிக்கு இரும்பைத் தெரியாது, ஒளியை மட்டுமே தெரியும். ஆகவே இரும்பின் அளவு முன்கூட்டியே தெரிந்த சில கரைசல்களை முதலில் காட்டி, எந்த அளவுக்கு எந்த அப்சார்பன்ஸ் என்று பதிவு செய்கிறார்கள். இவை ஸ்டாண்டர்டு கரைசல்கள். இந்தப் பதிவுதான் கேலிபரேஷன் கோடு.

ஒரு கணக்கு

எடுத்துக்காட்டாக ஒரு கிணற்றுத் தண்ணீரைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 0.7022 கிராம் ஃபெரஸ் அம்மோனியம் சல்ஃபேட்டை ஒரு லிட்டராகக் கரைத்தால், லிட்டருக்கு 100 மி.கி. இரும்புள்ள மூலக் கரைசல் கிடைக்கும். அதை நீர்த்து ஐந்து ஸ்டாண்டர்டுகள் செய்து அளந்தபோது இப்படி வந்தது என்று வைத்துக்கொள்வோம்:

| இரும்பு (மி.கி./லி.) | அப்சார்பன்ஸ் | கோட்டிலிருந்து விலகல் |
|---|---|---|
| 0 | 0.003 | +0.0004 |
| 1 | 0.199 | −0.0023 |
| 2 | 0.404 | +0.0040 |
| 3 | 0.596 | −0.0027 |
| 4 | 0.798 | +0.0006 |

இந்தப் புள்ளிகளுக்கு மிகப் பொருத்தமான நேர்கோடு:

A = 0.1987 c + 0.0026

A அப்சார்பன்ஸ், c இரும்பின் செறிவு. கிணற்றுத் தண்ணீர் 20 மி.லி. எடுத்து, நிறமேற்றி, 50 மி.லி. குடுவையில் குறி வரை நிரப்புகிறோம். இப்படி மூன்று குடுவைகள். அவை காட்டியவை 0.342, 0.344, 0.346, சராசரி 0.344. அதிலிருந்து 0.0026ஐக் கழித்து 0.1987ஆல் வகுத்தால் 1.718. இது குடுவையில் உள்ள செறிவு. தண்ணீரை 2.5 மடங்கு நீர்த்திருக்கிறோம் அல்லவா? 2.5ஆல் பெருக்கினால் லிட்டருக்கு 4.3 மி.கி.

அறிக்கைகளில் அடிக்கடி விட்டுப்போவது இந்தக் கடைசிப் பெருக்கல்தான். ஆகவே எத்தனை மி.லி. மாதிரி எத்தனை மி.லி. ஆக்கப்பட்டது என்பது அறிக்கையில் தெளிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும்.

படம் எப்படி இருக்க வேண்டும்

நமக்குத் தெரிந்த செறிவு கிடை அச்சில், கருவி காட்டிய அப்சார்பன்ஸ் நிலை அச்சில். ஐந்து அளவீடுகளும் தனித்தனிப் புள்ளிகளாகத் தெரிய வேண்டும். ஒன்றோடொன்றைக் கோணல்மாணலாக இணைக்கக் கூடாது, பொருத்திய நேர்கோட்டை மட்டுமே வரைய வேண்டும். அந்தக் கோடும் கடைசி ஸ்டாண்டர்டோடு நின்றுவிட வேண்டும். தெரியாத மாதிரியின் இடத்தை வேறு குறியால் காட்டலாம். ஆனால் கோட்டைக் கணக்கிடும்போது அதைச் சேர்க்கக் கூடாது. படத்தின் கீழே அலைநீளம், குவெட்டின் அகலம், கோட்டின் சமன்பாடு ஆகிய மூன்றும் இருந்தால், படித்துப் பார்ப்பவர் தானே கணக்கைச் சரிபார்க்கலாம்.

கோடு பூஜ்யத்தில் தொடங்காமல் 0.0026இல் தொடங்குகிறதே என்று சிலருக்கு உறுத்தும். மென்பொருளில் ஒரு கட்டத்தைச் சொடுக்கிப் பூஜ்யம் வழியே இழுத்துவிடுவார்கள். இங்கே அந்த 0.0026, அளவீட்டில் இயல்பாக நேரும் சிதறலுக்குள் அடங்கிவிடுகிறது. அதை அப்படியே விடலாம். அதுவே 0.05 என்று வந்திருந்தால், பயன்படுத்திய வேதிப்பொருளிலோ நீரிலோ இரும்பு கலந்திருக்கிறது என்பதற்கோ, குவெட் அழுக்காக இருக்கிறது என்பதற்கோ தடயமாக இருக்கலாம். பூஜ்யம் வழியே இழுத்தால் அந்தத் தடயம் மறைந்துபோகும்.

R² மறைப்பது

வேறொரு நாள் அதே ஆய்வகத்தில் ஸ்டாண்டர்டுகளை 0, 2, 4, 6, 8 மி.கி. என்று உயர்த்தி வைத்தார்கள் என்போம். அப்சார்பன்ஸ் 0, 0.395, 0.775, 1.125, 1.440. இவற்றுக்கு நேர்கோடு பொருத்தினால் R² = 0.998. பலர் திருப்தியோடு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்கள். ஆனால் விலகல்களை வரிசையாக எழுதிப் பாருங்கள்: −0.025, +0.009, +0.028, +0.017, −0.029. இரு முனைகளும் கோட்டுக்குக் கீழே, நடுப்பகுதி முழுவதும் மேலே. முதல் அட்டவணையில் மேலும் கீழுமாகச் சிதறியிருந்தவை இங்கே வில்லாக வளைகின்றன. உண்மையான உறவு வளைகோடு. அதன்மேல் வலிந்து நேர்கோடு போடப்பட்டிருக்கிறது.

இதனால் வரும் நட்டம் சிறியதல்ல. குடுவையில் லிட்டருக்கு 0.5 மி.கி. இரும்பு உள்ள ஒரு மாதிரி 0.100 காட்டும். இந்த இரண்டாவது கோடோ அதை 0.42 என்று படிக்கிறது. R² 0.998 இருந்தும், விடையில் ஆறில் ஒரு பங்கு காணாமல் போய்விட்டது. அதனால் நல்ல அறிக்கையில் கோட்டுப் படத்தின் அடியில் விலகல்களுக்கென்று தனியாக ஒரு சிறு படமும் இருக்கும்.

வளைவு எங்கிருந்து வருகிறது? கருவிக்குள் அலைந்து திரியும் உதிரி ஒளி ஒரு முக்கியக் காரணம். கரைசல் வழியே வராமலேயே உணரியை எட்டும் ஒளி வெறும் 1 சதவீதம் இருந்தாலும், உண்மையில் 2.0 ஆக இருக்க வேண்டிய அப்சார்பன்ஸ் 1.70 என்றே காட்டும். 1.0 என்பது 0.96 ஆகும். 0.4 என்பது 0.39 ஆகும், அவ்வளவுதான். அடர்த்தி கூடும்போது பிழையும் வேகமாகக் கூடுகிறது. ஆகவே மாதிரி கடைசி ஸ்டாண்டர்டைத் தாண்டிப் போனால் கோட்டை நீட்டிப் படிக்கக் கூடாது. மாதிரியை நீர்த்து, கோட்டின் நடுப்பகுதிக்குள் கொண்டுவந்து மறுபடி அளக்க வேண்டும். நம் கிணற்றுத் தண்ணீரை 20 மி.லி. மட்டும் எடுத்தது அதற்காகத்தான்.

நேர்கோடும் தவறலாம்

விலகல்கள் ஒழுங்காக இருந்தாலும் ஒரு பிழை மட்டும் கோட்டில் தெரியாது. மூலக் கரைசலையே தவறான எடையில் செய்திருந்தால் ஐந்து ஸ்டாண்டர்டுகளும் ஒரே விகிதத்தில் தவறும். கோடு அழகான நேர்கோடாகவே இருக்கும், சாய்வு மட்டும் மாறிவிடும். அதைப் பிடிக்க ஒரு வழி உண்டு. இரும்பு–ஃபினாந்த்ரோலின் சேர்மத்தின் மோலார் உறிஞ்சுதிறன் சுமார் 11,100 என்று நூல்களில் பதிவாகியிருக்கிறது. இரும்பின் அணு எடையைக் கொண்டு அதை மில்லிகிராம் கணக்குக்கு மாற்றினால் 0.199 வரும். நம் கோட்டின் சாய்வு 0.1987. இரண்டும் பொருந்துகின்றன. 0.17 என்று வந்திருந்தால் தராசையும் பிப்பெட்டையும் அலைநீளத்தையும் சந்தேகிக்க வேண்டியதுதான்.

அடுத்த சந்தேகம் தண்ணீர் பற்றியது. ஸ்டாண்டர்டுகள் தூய நீரில் செய்தவை. கிணற்று நீரிலோ வேறு உப்புகளும் உண்டு, அவை நிறம் ஏறுவதைக் கெடுக்கலாம். அதே 20 மி.லி. மாதிரியோடு, நிரப்பியபின் லிட்டருக்கு 1 மி.கி. கூடுமளவு இரும்பைச் சேர்த்து இன்னொரு குடுவை தயாரித்துப் பார்க்கலாம். அது 0.538 காட்டினால், உயர்வு 0.194, கோட்டின்படி அது 0.98 மி.கி. போட்டதில் 98 சதவீதம் திரும்பி வந்துவிட்டது. 70 சதவீதம்தான் வந்திருந்தால், தூய நீரில் போட்ட கோடு இந்தத் தண்ணீருக்குச் செல்லாது.

எத்தனை இலக்கம்?

கணிப்பொறி 4.29542 என்று காட்டும். அந்த இலக்கங்கள் எல்லாவற்றுக்கும் அளவீட்டில் ஆதாரம் கிடையாது. ஐந்து புள்ளிகளின் சிதறலையும் மூன்று குடுவைகளின் சராசரியையும் சேர்த்துக் கணக்கிட்டால், 95 சதவீத நம்பிக்கையோடு இந்தக் கோடு தரக்கூடிய துல்லியம் ஏறத்தாழ 0.1 மி.கி. எனவே முடிவை 'லிட்டருக்கு 4.3 ± 0.1 மி.கி.' என்று எழுதுவதே சரி. அந்த ± 0.1 கோட்டிலிருந்து வந்த ஐயத்தை மட்டும் சொல்கிறது.

குடுவைக்கு வருவதற்கு முன் நடந்ததைப் பற்றி அது எதுவும் சொல்லாது. மாதிரி எடுத்த இடத்திலேயே அமிலம் சேர்க்காவிட்டால், வழியிலேயே இரும்பு துருவாகிப் பாட்டிலின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். ஆய்வகம் மேலே தெளிந்த நீரை மட்டும் எடுத்துச் சோதித்தால், பிழையற்ற ஒரு கோட்டிலிருந்து மிகக் குறைவான ஓர் எண் வரும். கிணற்றடியில் துணி பழுப்பேறுகிறது, அறிக்கையிலோ இரும்பு 0.2 என்றிருக்கிறது. இப்படியானால் மறுபரிசோதனையை பாட்டிலிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள்.